தொண்டை வலிக்கு மாத்திரை: எங்கே தவறு நடக்கிறது?

எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்று ஒருவர் 650 மி.கி. பாரசிட்டமால் மாத்திரையை நாளைக்கு நான்கு வேளை போடுகிறார். மூக்கும் ஒழுகுவதால் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை மூன்று வேளை சேர்த்துக்கொள்கிறார். அந்தச் சளி மாத்திரையிலும் 500 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. 2,600, 1,500; மொத்தம் 4,100 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேர உச்சவரம்பு 4,000தான். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், கல்லீரல் நோயாளிகள் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. மருத்துவரிடம் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். அளவு மிகுந்தாலும் முதல் நாளில் குமட்டலைத் தவிர பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படிப்பதுதான் முதல் வேலை.

பாரசிட்டமாலை ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை போடலாம். 650 போட்டு வலி அடங்கினால் 1,000 எதற்கு? இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் விட வேண்டும். வெறும் வயிற்றிலும் போடலாம் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால் ரசம் சாதமாவது வலி குறைந்து இறங்கும்.

ஐபுபுரோஃபன் வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். தொண்டை வலிக்குப் பலருக்கு இதுவே சற்றுக் கூடுதலாகக் கேட்கிறது. 200 முதல் 400 மி.கி. வரை, ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில், சாப்பிட்ட பிறகு. மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இரண்டும் கலந்த மாத்திரைகள் நம் கடைகளில் சாதாரணம். அதைப் போட்டுவிட்டுத் தனியாக பாரசிட்டமாலும் போடுபவர்கள் முதலில் சொன்ன கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் சாப்பிடுபவர்கள் மேலே ஐபுபுரோஃபன் போடக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம்.

வயிற்றுப்புண் அல்லது குடல் ரத்தக்கசிவு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையால் ஆஸ்துமா மூண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஐபுபுரோஃபன் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே கூடாது: சிலவகை அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, ஐபுபுரோஃபன் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

மழைக்காலத்தில் தொண்டை வலியோடு கடும் காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும்தான். ஐபுபுரோஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாய் திறக்க வராமல் போனாலோ, மூச்சு இரைத்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.