இரண்டு பத்தி விளம்பரமும் வேலைக் கடிதமும்

கடலூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் ஆங்கில விளம்பரம் போட்டோவாக வந்தது. இடது பத்தியில் பாய்லர் ஆபரேட்டர், வலது பத்தியில் நான் விண்ணப்பிக்க நினைத்த லேப் கெமிஸ்ட். மொழிபெயர்ப்பு ஆப்பில் பார்த்தால், பி.எஸ்சி. வேதியியலுக்குக் கீழே 5 ஆண்டு அனுபவமும் பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழும் கேட்டிருந்தது. அதை நம்பி, என் கடிதத்தின் பாதி "அனுபவம் குறைவு" என்ற விளக்கத்திலேயே போயிற்று.

பத்திகளுக்கு நடுவே கோடு இல்லாவிட்டால் ஆப் சில சமயம் இடமிருந்து வலமாக நேரே படித்துவிடும். இரண்டு வேலைக்கான தகுதிகளும் கலந்துவிடும். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத தகுதி தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

படத்தை வலது பத்தி மட்டும் இருக்கும்படி வெட்டி, மறுபடி மொழிபெயர்த்தேன். இப்போது 1 ஆண்டு அனுபவம்தான். எழுத்து மங்கலாக இருந்தால், அனுப்பியவரிடம் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்; தெளிவு குறையாது.

எண்களை மட்டும் மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கக் கூடாது. QC/02 என்ற குறிப்பு எண்ணில் பூஜ்யம் O எழுத்தாக மாறி QC/O2 ஆகலாம். குறிப்பு எண், கடைசித் தேதி, மின்னஞ்சல் மூன்றையும் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதினேன்.

கடிதமும் ஆங்கிலத்தில்தான். பொருள் வரியில் பதவியின் பெயர் விளம்பரத்தில் உள்ளபடியே, பக்கத்தில் குறிப்பு எண். முதல் பத்தியில் பட்டமும் ஓராண்டு வேலையும். அடுத்ததில் டைட்ரேஷன், பி.ஹெச். மீட்டர் என்று கையால் செய்த சோதனைகள். முதலில் எழுதிய "அனுபவம் குறைவு" விளக்கத்தை முழுசாக நீக்கிவிட்டேன்.