தலைகளை வெட்டாமல் பிரிண்ட் போட: ஓரம் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதாம் கல்யாணத்தில் எடுக்கும் குடும்பப் படங்களில் பெரும்பாலும் இடமே மிச்சமிருக்காது. பின்வரிசையில் பெஞ்சின் மேல் ஏறி நிற்பவர்களின் தலை மேல்விளிம்பை ஒட்டியிருக்கும். முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளைகளின் முழங்கால் கீழ்விளிம்பைத் தொடும். செல்பேசியில் 4000×3000 பிக்சலில் எடுத்த இப்படியொரு படத்தை அப்படியே ஸ்டூடியோவுக்கு அனுப்பி, 4×6 அங்குலத்தில் பிரிண்ட் கேட்பதுதான் முதல் தவறு.

செல்பேசிப் படத்தின் நீள அகல விகிதம் 4:3. 4×6 தாளின் விகிதம் 3:2, அதாவது பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் விகிதம். இரண்டும் ஒன்றல்ல என்பதால், வேறு எதுவும் சொல்லாதவரை, லேப் தாள் முழுவதையும் நிரப்பும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கி, மிஞ்சுவதை வெட்டிவிடும். நம் படத்தில் 3000 பிக்சல் உயரத்தில் 2667 பிக்சல்தான் தாளில் ஏறும். மேலே சுமார் 166, கீழே சுமார் 166 பிக்சல் போய்விடும். மொத்த உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு! பெஞ்சின் மேல் நின்ற சித்தப்பாவுக்கு நெற்றியோடு முடிந்துவிடும்.

இதற்குச் சிலர் கண்டுபிடிக்கும் மாற்று இன்னும் மோசம். 4×6 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற 300 டிபிஐ கணக்கில் 1800×1200 பிக்சல் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, மென்பொருளில் அந்த இரண்டு எண்களையும் கொடுத்துப் படத்தை இழுத்துவிடுவார்கள். எதுவும் வெட்டுப்படாது, ஆனால் எல்லோரும் எட்டில் ஒரு பங்கு அகன்றுவிடுவார்கள். விகிதத்தைப் பூட்டி வைக்கும் சங்கிலிக் குறி மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இது நேராது.

சரியான வழி, படத்தை விகிதம் மாறாமல் தாளுக்குள் அடக்கி, மீதி இடத்தை வெறும் ஓரமாக விடுவது. உயரத்தை 1200 பிக்சலாக வைத்தால் அகலம் 1600 வரும். மிஞ்சும் 200 பிக்சலை இடப்பக்கம் 100, வலப்பக்கம் 100 என்று பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் மூன்றில் ஒரு அங்குலம் வெள்ளை. கணக்கு இதோடு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள்தாம் அடுத்த தவறில் விழுகிறார்கள், ஏனென்றால் திரையில் கச்சிதமாகத் தெரிவது தாளில் அப்படியே வருவதில்லை.

விளிம்பில்லாத பிரிண்ட் போடும் இயந்திரம், தாளின் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் படத்தைச் சற்றே பெரிதாக்கி அடிக்கும். அதனால் நான்கு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் காணாமல் போகும். தாள் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் போகும். மேலே சொன்ன படத்தில் மேலும் கீழும் ஓரமே இல்லை என்பதால், அங்கே ஒட்டி நிற்கும் தலைகளுக்கு மறுபடியும் ஆபத்து. மெல்லிய ஓரம் வைத்தால் வேறொரு சிக்கல் வரும். 3 மி.மீ. ஓரத்தில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 மி.மீ. போனால், மிஞ்சுவது 2, 1 மி.மீ. ஒரு பக்கம் மற்றதைப் போல இரு மடங்கு! கண் இதைத்தான் முதலில் பார்க்கும். 15 மி.மீ. ஓரத்தில் அதே பிசகு யாருக்கும் தெரியாது.

ஆகவே நான்கு பக்கமும் ஓரம் வையுங்கள், குறைந்தது 5 மி.மீ. வையுங்கள். 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 12 பிக்சல், எனவே 60 பிக்சல். படத்தை 1680×1080 கட்டத்துக்குள் அடக்கினால் அது 1440×1080 ஆகும். மேலும் கீழும் 60, பக்கவாட்டில் 180 பிக்சல் ஓரம் கிடைக்கும். பிரேம் போடுகிறவர்களுக்கும் இது நல்லது, பிரேமின் உதடு மறைப்பது ஓரத்தைத்தான்.

நிறையப் படங்கள் இருந்தால் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒவ்வொன்றையும் ஒரே கட்டளையில் செய்யலாம்:

```
magick kudumbam.jpg -auto-orient -resize 1680x1080 \
  -background white -gravity center -extent 1800x1200 \
  -units PixelsPerInch -density 300 -quality 95 kudumbam_4x6.jpg
```

இதில் `-auto-orient` என்பதை விட்டுவிடாதீர்கள். செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், பல நேரம் கோப்புக்குள் படுத்த நிலையில்தான் இருக்கும். நிமிர்த்திக் காட்டச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். அதைக் கவனிக்காமல் ஓரம் சேர்த்தால் படமும் ஓரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நிமிர்ந்த படங்களுக்கு எண்களையும் திருப்பி `1080x1680`, `1200x1800` என்று கொடுக்க வேண்டும். இன்னொன்று, `-resize` எண்களுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் விகிதம் உடைந்து மேலே சொன்ன அகன்ற முகங்கள் திரும்பி வரும்.

ஓரத்தின் நிறத்தில் என் விருப்பம் தூய வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்றால் அந்த இடத்தில் தாள் வெறுமையாகவே இருக்கும், சாயம் ஏறுவதற்கு வாய்ப்பில்லை. கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று 245 வைத்தால் அது பெரும்பாலும் அழுக்குப் பிடித்த தாள் போலத்தான் வரும். சாம்பல் வேண்டுமென்றால் மூன்று எண்களும் சமமாக இருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சில இயந்திரங்களில் லேசாகப் பச்சையோ ஊதாவோ கலந்துவிடும். கறுப்பு ஓரம் திரையில் கம்பீரமாக இருக்கும். தாளின் விளிம்பு சற்றுத் தேய்ந்தாலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

வெள்ளையில் உள்ள குறை ஒன்றுதான். வெளுத்த வானமோ வெள்ளை வேட்டியோ படத்தின் விளிம்பில் இருந்தால், படம் எங்கே முடிகிறது என்று தெரியாது. மேலே உள்ள கட்டளையில் `-resize` பகுதியை அடுத்து `-bordercolor gray50 -border 3` என்று சேர்த்தால், கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு சாம்பல் கோடு படத்தைச் சுற்றி வரும். அது போதும்.

ஓரம் சேர்த்த கோப்பை லேபுக்குக் கொடுக்கும்போது ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். தானாக வெளிச்சத்தைத் திருத்தும் ஏற்பாடு, வெள்ளை ஓரத்தையும் படத்தின் பகுதியாகவே எண்ணி, படம் மிகவும் வெளிச்சமாக இருப்பதாக முடிவு செய்து முகங்களை இருட்டாக்கிவிடக்கூடும்.

4×6க்குத் தயாரித்த கோப்பையே 5×7க்கோ 8×10க்கோ கொடுப்பது கடைசித் தவறு. விகிதம் மாறுவதால் லேப் மறுபடியும் வெட்டும், அல்லது ஓரத்துக்கு மேல் ஓரம் விழும். 12×18க்கு மட்டும் விகிதம் அதேதான், ஆனால் பிக்சல் போதாது; மூலப் படத்திலிருந்து தனியாகச் செய்ய வேண்டும். 8×10 தாள் 4:3 படத்தைவிடச் சதுரத்துக்கு நெருக்கமானது என்பதால், அதில் அகலமான ஓரம் பக்கவாட்டில் வராமல் மேலும் கீழும் வரும். அதற்கு 3000×2400 தாளும் 2800×2200 கட்டமும் கொடுத்தால், படம் 2800×2100 ஆகும். பக்கங்களில் 100, மேலும் கீழும் 150 பிக்சல் ஓரம் நிற்கும். கோப்பின் பெயரிலேயே அளவை எழுதி வைத்தால், எது எந்தத் தாளுக்கு என்று கவுன்டரில் நின்று தேட வேண்டியதில்லை.