எழுத்துக் கோப்பில் முதல் படியைத் தூக்கிப் போடாதீர்கள்: 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை நடக்கும் தவறுகள்

பருவம் முடியும் வாரத்தில் ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளியில் மாணவர்கள் தாங்கள் எழுதியவற்றைச் சேர்த்து வைக்கும் எழுத்துக் கோப்புகளை வாங்கிப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். அட்டையில் பூ வரைந்திருக்கும், ஓரத்தில் வண்ணக் கோடு ஓடும். உள்ளே அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாத நாலைந்து கட்டுரைகள், கடைசிப் பக்கத்தில் "இக்கட்டுரையை நான் நன்றாக எழுதியுள்ளேன்" என்று ஒரு வரி. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஜூனில் எப்படி எழுதியது, செப்டம்பரில் எப்படி எழுதுகிறது என்பதை அதில் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு முக்கியக் காரணம் முதல் படியை, அதாவது திருத்தி எழுதுவதற்கு முந்தைய முதல் வரைவை, கிழித்துப் போடுவது. தெரிவு, சிந்தனைக் குறிப்பு, மதிப்பெண் ஆகிய மூன்றிலும் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

அழகான தாளைத் தேர்ந்தெடுப்பது

ஒரு பருவத்தில் ஒரு மாணவர் ஐந்தாறு முறையாவது கொஞ்சம் நீளமாக எழுதுவார். ஒரு கடிதம், ஒரு வருணனை, ஊரில் நடந்த ஒன்றைப் பற்றிய அறிக்கை, ஒரு கதை என்று வரும். அத்தனையையும் கோப்பில் சேர்த்தால் அது மூட்டையாகிவிடும். பருவத்துக்கு இரண்டு போதும். ஒன்றை மாணவரே எடுக்கட்டும், இன்னொன்றை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எடுக்கலாம். இரண்டும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. மூன்று பருவங்களிலும் சேர்த்து ஆறு உருப்படிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எல்லாப் படிகளும் தேதியோடு இருக்க வேண்டும், கடைசிப் படி மேலாக, முதல் படி அடியில்.

"எது நல்லா இருக்கோ அதை எடு" என்று சொன்னால் பிள்ளைகள் கையெழுத்து நன்றாக இருப்பதைத்தான் எடுப்பார்கள். "எதை எழுத ரொம்பச் சிரமப்பட்டே? எதுல நிறைய மாத்தினே?" என்று கேட்டால் வேறு தாள் வெளியே வரும்.

திருத்தம் தாளில் தெரிய வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டும். முதல் படியை ஒரு வரி விட்டு ஒரு வரி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அழிப்பான் வேண்டாம், ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே எழுதினால் போதும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் பட்டால் ஜெல் பேனா மை பரவிவிடும், பால்பாயிண்ட் தாங்கும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கோப்பு பாதிதான் திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும்.

சிவப்பு மை செய்யும் கெடுதல்

முதல் படியிலுள்ள அத்தனை பிழைகளையும் ஆசிரியரே திருத்திக் கொடுத்தால், இரண்டாம் படி ஆசிரியரின் எழுத்தாகிவிடும். பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறது, அவ்வளவுதான். பிறகு "என்ன மாற்றினாய்?" என்று கேட்டால் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்காது.

முதல் படியில் பொருளைப் பற்றி மட்டும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுங்கள். எழுத்துப் பிழைகளை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் சரியான வடிவத்தை எழுதிக் கொடுக்காமல், பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அந்த வரியில் ழகரம் ளகரமாகியிருக்கிறதா, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பிள்ளையே தேடட்டும்.

குலசேகரம் பக்கத்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி "என் அப்பாவின் வேலை" என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் படி இது:

"என் அப்பா ரப்பர் வெட்டுவார். அதிகாலையில் எழுந்து போவார். மிகவும் கஷ்டப்படுவார். சிரட்டையில் பால் விழும். மளை பெய்தால் வெட்ட மாட்டார். சிரட்டையில் வெள்ளம் விழும். என் அப்பா மிகவும் நல்லவர்."

சிவப்புப் பேனா உடனே போகும் இடம் "மளை". அடுத்தது "வெள்ளம்". சிரட்டைக்குள் எப்படி வெள்ளம் வரும் என்று அடித்துவிட்டு "நீர்" என்று மேலே எழுதத் தோன்றும். ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். அந்தப் பிள்ளைக்கு அது பிழை அல்ல, வீட்டுச் சொல். பாடப்புத்தகத் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, என்ன செய்வது என்ற முடிவை அவளிடமே விட்டுவிடலாம்.

ஆகவே பென்சில் கேள்வி இப்படி இருக்கட்டும்: "மழை பெய்தால் அப்பா ஏன் வெட்டுவதில்லை? கேட்டு வா." சரியான எழுத்து அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, கண் இருந்தால் அவளே பிடித்துக்கொள்வாள். இரண்டாம் படி:

"அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்துக்குப் போவார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின வழியே இறங்காமல் மரமெல்லாம் பரவிவிடும். 'செரட்டையில வெள்ளம் விழுந்தா பாலு போச்சு' என்பார். அன்றைக்குக் கூலி இல்லை."

"கஷ்டப்படுவார்", "நல்லவர்" இரண்டும் போய்விட்டன, அவற்றின் இடத்தில் காரணங்கள் வந்திருக்கின்றன. வெள்ளம் அப்பாவின் பேச்சாக மேற்கோள் குறிக்குள் போயிருக்கிறது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவள் செய்தது தெரியும். இரண்டாவது மட்டும் இருந்தால் அது ஐந்து வரிச் சிறு கட்டுரை, அவ்வளவே.

கரும்பலகையில் எழுதிப்போட்ட சிந்தனைக் குறிப்பு

சிந்தனைக் குறிப்பு என்பது மாணவர் தன் எழுத்தைத் தானே பார்த்து எழுதும் ஐந்தாறு வாக்கியங்கள். பெரும்பாலான இடங்களில் இது பருவத்தின் கடைசி நாளில், கரும்பலகையைப் பார்த்து எழுதப்படுகிறது. நாற்பது கோப்பிலும் "எனக்கு இக்கட்டுரை பிடித்திருந்தது. இன்னும் நன்றாக எழுத முயல்வேன்" என்று வரும்.

இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு கோப்புகளின் குறிப்புகளை மாற்றி வைத்துப் படியுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டுமே வெறுமை.

குறிப்பை எழுத வைக்கும் நேரமும் முக்கியம். கட்டுரை முடிந்த இரண்டொரு நாளுக்குள், எல்லாப் படிகளும் மேசையில் விரித்திருக்க, பதினைந்து நிமிடம் கொடுங்கள். கேள்விகள் தாளைச் சுட்ட வேண்டும். எந்த வரியை மாற்றினாய், முன்பு அது எப்படி இருந்தது? ஏன் மாற்றினாய்? யாராவது சொல்லியும் மாற்றாமல் விட்டது எது? இன்னும் சரியாகாதது எது? இவ்வளவு போதும்.

அந்த மாணவியின் குறிப்பு அப்போது இப்படி வரும்: "முதலில் மிகவும் கஷ்டப்படுவார் என்று எழுதினேன். என்ன கஷ்டம் என்று எழுதவில்லை. அப்பாவிடம் கேட்ட பிறகு மழை, கூலி பற்றி எழுதினேன். வெள்ளம் என்பதை எடுக்கவில்லை, அப்பா அப்படித்தான் சொன்னார். முடிவு பட்டென்று நின்றுவிட்டது. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் ஆசிரியர்கள் வழக்கமாகச் சறுக்குவது. "முடிவு சரியில்லை என்று அவளே ஒத்துக்கொண்டாளே" என்று குறிப்புக்கான மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அடுத்த பருவத்தில் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் குறையை எழுதாது. முடிவு பலவீனம் என்றால் அதற்குக் கட்டுரையில் மதிப்பெண் குறையட்டும். அதைச் சரியாகக் கண்டுபிடித்ததற்குக் குறிப்பில் முழு மதிப்பெண் விழ வேண்டும்.

மதிப்பெண்: எதற்கு எவ்வளவு

தமிழ்நாட்டில் 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். எழுத்துக் கோப்பு, செயல்பாடுகளுக்கான வளரறி (அ)-வில் ஒரு செயல்பாடாக, பத்து மதிப்பெண்ணுக்கு, இயல்பாகப் பொருந்தும். அந்தப் பத்தை எப்படிப் பகுப்பது என்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. கீழே வருவது அரசாணைப் பகுப்பு அல்ல, நடைமுறைக்கு ஒத்துவரும் ஒன்று.

இறுதிப் படிக்கு 4, படிகளுக்கு இடையே தெரியும் மாற்றத்துக்கு 3, சிந்தனைக் குறிப்புக்கு 2, தெரிவுக்கான காரணத்துக்கு 1. அட்டைக்கும் வண்ணக் கோட்டுக்கும் எதுவும் இல்லை. இதை ஜூனிலேயே வகுப்பில் ஒட்டிவிடுங்கள்.

நம் மாணவிக்குப் போட்டுப் பார்ப்போம். இறுதிப் படி தெளிவாக இருக்கிறது, முடிவு மட்டும் தொங்குகிறது: 3. மாற்றம் பொருளிலேயே நடந்திருக்கிறது: 3. குறிப்பு தாளைச் சுட்டுகிறது: 2. ஏன் இதை எடுத்தாய் என்ற இடத்தில் "அப்பாவைப் பற்றியது" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். பாசம் சரி, எழுத்தைப் பற்றிய காரணம் இல்லை: 0. மொத்தம் 8.

பக்கத்து பெஞ்சில் ஒருவன் தோவாளைப் பூச்சந்தை பற்றி மூன்று பக்கம் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். முதல் படி இல்லை, குறிப்பு கரும்பலகை வாசகம். இறுதிப் படிக்கு 4, காரணம் தெளிவாகச் சொல்லியிருப்பதால் 1, மொத்தம் 5. "நல்லா எழுதுற பையனுக்கு அஞ்சா?" என்று வீட்டிலிருந்து ஆள் வரும். வந்தால் மொத்தத்தைக் காட்டாமல் நான்கு எண்களையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எழுத்துக்கு அவன் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். எப்படி எழுதினான் என்பதற்கான தாள்தான் இல்லை. அந்தத் தாளை எழுதவே இல்லையா, கிழித்துப் போட்டானா, வீட்டில் வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்களா என்பதைக் கோப்பை வைத்துச் சொல்ல வழியில்லை. ஆகவே அதைப் பற்றி ஊகித்துப் பேசவும் வேண்டாம்.

ஒரே ஆசிரியர் நாற்பது கோப்பைத் தொடர்ந்து திருத்தினால் முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் அளவுகோல் நழுவும். திருத்தத் தொடங்கும் முன் நாலு கோப்பை எடுத்து, இன்னொரு தமிழாசிரியரோடு தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் "மாற்றம்" என்ற மூன்றில்தான் வரும். ஒருவர் எழுத்துப் பிழை திருத்தியதையே மாற்றமாகக் கணக்கிட்டிருப்பார், இன்னொருவர் பொருளில் நடந்ததை மட்டும் எடுத்திருப்பார். எழுத்துப் பிழை திருத்தம் மட்டும் என்றால் 1, வாக்கியமோ வரிசையோ மாறியிருந்தால் 2, புதிய செய்தியோ காரணமோ சேர்ந்திருந்தால் 3 என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டால் மீதிக் கோப்புகள் வேகமாக நகரும்.

ஆண்டு முடிவில் ஆறு உருப்படிகளில் முதல் பருவத்தில் ஒன்று, மூன்றாம் பருவத்தில் ஒன்று என இரண்டை மட்டும் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். படிகளும் குறிப்பும் கூடவே போகட்டும். மற்ற நான்கும் மாணவருக்கு.