அட்டவணையின் அடியில் இருந்த விடை

நலமான பெரியவர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி குறித்த 2018ஆம் ஆண்டின், பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வின் முடிவுச் சுருக்க அட்டவணையைக் கட்டுரையில் எடுத்தாளும்போது, தடுப்பூசி பெற்றவர்களில் 1000க்கு 9 பேருக்கு ஃப்ளூ வருகிறது என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது பல நாள் பிடிபடவில்லை. தனித்தனி ஆய்வுகளின் எண்ணிக்கைகளை வகுத்தால் வெவ்வேறு விடைகளே வந்தன. 59 சதவீதக் குறைவு என்று மட்டும் எழுதினால், பயன் மிகப் பெரிதாகத் தோன்றியது.

விடை, பலரும் படிக்காமல் விடும் நட்சத்திரக்குறி அடிக்குறிப்பில் இருந்தது. அந்த 9 நேரடியாக எண்ணப்பட்டதன்று. தடுப்பூசி பெறாதோரின் அபாயமான 1000க்கு 23ஐ, இரு பிரிவினரின் அபாயங்களுக்கு இடையிலான விகிதமாகிய ஒப்பீட்டு அபாயம் 0.41ஆல் பெருக்கிப் பெற்றது. அந்த விகிதத்தின் நம்பக இடைவெளியின் எல்லைகளான 0.36, 0.47 ஆகியவற்றால் பெருக்கினால் 8 முதல் 11 வரை கிடைக்கிறது. சான்றின் உறுதி நடுத்தரம் என்பதால் 'அநேகமாக' என்ற சொல்லும் தேவைப்பட்டது.

இறுதியில் எழுதிய வாக்கியம்: "தடுப்பூசி, ஒரு பருவத்தில் ஃப்ளூ காண்போரை 1000க்கு 23 பேரிலிருந்து 9 பேராக (8 முதல் 11 வரை) அநேகமாகக் குறைக்கிறது."