லோ சுகர் வந்தால் சர்க்கரையா, குளுக்கோஸா? மாத்திரை அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். ஆனால் ஒரு ஸ்பூன் போதாது. சில மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு அந்தச் சர்க்கரை நேரத்துக்கு வேலை செய்யாது. யாருக்கு எதை, எவ்வளவு கொடுப்பது, எப்போது திரும்பப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இன்றைக்கே மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

லோ சுகர் வந்த பிறகு இதைச் செய்ய நேரம் இருக்காது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அதில் இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலில், சுகரை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய மருந்து இருக்கிறதா? கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு, ரெபாகிளினைடு ஆகியவை அந்த வகை. இன்சுலினும் அப்படித்தான். மெட்ஃபார்மினோ சிட்டாகிளிப்டினோ தனியாகச் சாப்பிடுபவருக்கு லோ சுகர் வருவது அரிது.

இரண்டாவதாக, வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா? கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றையும் ஒரே மாத்திரையாக நம் ஊரில் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். 'சுகருக்கு ஒரே ஒரு மாத்திரைதான்' என்று சொல்பவர் சாப்பிடுவது பல நேரம் இந்த மூன்றும் சேர்ந்ததாக இருக்கும்.

நாம் கொடுக்கும் வெள்ளைச் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிக்கொண்ட பொருள். சிறுகுடலில் ஒரு நொதி அதைப் பிரித்த பிறகுதான் ரத்தத்தில் ஏறும். வோக்லிபோஸும் அகார்போஸும் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் எகிறாமல் இருக்க உதவும் அதே வேலை, லோ சுகர் நேரத்தில் எதிராகத் திரும்புகிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், மிட்டாய், கடலை உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். குளுக்கோஸ் பவுடருக்குப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை, நேராக ஏறிவிடும்.

எந்த மாத்திரையாக இருந்தாலும் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் வைத்திருங்கள் என்பதே என் கட்சி. மெடிக்கலில் மலிவாகக் கிடைக்கிறது. வாசனையும் நிறமும் சேர்த்த வகைகளில் சர்க்கரை கலந்திருக்கலாம் என்பதால் ஒன்றும் சேர்க்காத சாதா பவுடரையே கேட்டு வாங்குங்கள்.

படி 2: பொட்டலம் கட்டி வையுங்கள்

ஒரு வேளைக்குத் தேவை 15 முதல் 20 கிராம். குவித்து அள்ளினால் 3 டீஸ்பூன். நடுங்கும் கையோடு யாராலும் ஸ்பூன் கணக்கு பார்க்க முடியாது. எனவே சமையலறைத் தராசில் ஒரு முறை அளந்து, சின்ன ஜிப் கவர்களில் போட்டு வைத்துவிடலாம். கைப்பையில் இரண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு, வண்டிப் பெட்டியில் இரண்டு. ஈரம் பட்டால் கட்டி தட்டும். மழைக்காலத்தில் அவ்வப்போது மாற்றுங்கள்.

படி 3: அறிகுறியைக் கண்டுபிடிப்பது

சுகர் 70-க்குக் கீழே போனால் லோ சுகர் என்று கணக்கு. முதலில் உடம்பு எச்சரிக்கும்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, உதட்டைச் சுற்றி மரத்துப்போவது. 54-க்குக் கீழே இறங்கும்போது மூளைக்கே தட்டுப்பாடு. பேச்சு குழறும், கண் மங்கும், பதில் சம்பந்தமில்லாமல் வரும், காரணமில்லாத கோபம் வரும்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கோபத்தைத்தான். "அத்தை, ஒரு தடவை சுகர் பார்த்துடலாமா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா இரு" என்று எரிந்து விழுவார்கள். வழக்கமாக அப்படிப் பேசாதவர் பேசினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொண்டு மீட்டரை எடுங்கள். வாதாட வேண்டாம்.

பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ மெட்டோப்ரோலால், அட்டினோலால், புரோப்ரனோலால் போன்றவற்றைச் சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் வரும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரின் பின்கழுத்து ஈரமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தூக்கத்தில் வந்தால் காலையில் தலையணை நனைந்திருக்கும், தலைவலி இருக்கும், கெட்ட கனவு கண்டதாகச் சொல்வார்கள்.

மீட்டர் கையில் இல்லையா? தேடிக்கொண்டிருக்காமல் குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள். சுகர் இறங்காதவருக்கு 15 கிராம் கொடுத்ததால் பெரிய கேடு வராது.

படி 4: கொடுங்கள், காத்திருங்கள், திரும்பப் பாருங்கள்

உட்கார வையுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு பொட்டலத்தைக் கலக்கிக் குடிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்ப டெஸ்ட். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு பொட்டலம், இன்னொரு 15 நிமிடம்.

பெரும்பாலானோர் சறுக்குவது அந்த 15 நிமிடத்தில்தான். லோ சுகரில் வரும் பசி சாதாரணப் பசி இல்லை. வயிற்றுக்குப் போன குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்ச் சேரும்வரை அது அடங்காது. அதற்குள் இரண்டு வாழைப்பழம், நாலு பிஸ்கட், மேலே ஒரு லட்டு என்று உள்ளே போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் 300 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்சுலினைக் கூட்டிப் போட்டால் ராத்திரி மறுபடியும் இறங்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கால் மணி நேரம் சுலபமாகக் கடக்கும்.

சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் முதல் உதவிக்கு ஆகாது. அவற்றில் உள்ள கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். 'டயட்' என்று போட்ட குளிர்பானத்தில் சர்க்கரையே கிடையாது.

இன்னொரு பொறி விரல் நுனியில் இருக்கிறது. குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்த கையில் தூள் ஒட்டியிருக்கும். அந்த விரலையே குத்தினால் ரத்தத்தோடு தூளும் கலந்து, உண்மையில் 60 இருக்கும்போது மீட்டர் 200-க்கு மேல் காட்டலாம். 'ஏறிடுச்சு' என்று நிம்மதியாக விட்டுவிடுவோம். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கழுவ வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள்.

ஒரு உதாரணம்

66 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 சேர்ந்த மாத்திரை. சஷ்டி என்பதால் வழக்கமான நாலு இட்லிக்குப் பதில் ஒன்று. பிறகு கோயிலுக்கு நடை. 12 மணிக்கு வேர்த்து, பேச்சு தடுமாறுகிறது. மீட்டரில் 52.

மருமகள் 3 ஸ்பூன் சர்க்கரை போட்டு எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார். 12.15-க்கு 55. அளவு சரி, பொருள்தான் சரியில்லை. வோக்லிபோஸ் அந்தச் சர்க்கரையைப் பிரியவிடாமல் வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பவுடர் 3 ஸ்பூன் கலக்கிக் கொடுக்கிறார்கள். 12.30-க்கு 81. பேச்சு தெளிகிறது. உடனே மதியச் சாப்பாடு.

இதோடு விட்டுவிடக் கூடாது. கிளிமெபிரைடு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மாலையில் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை பார்க்க வேண்டும். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர், குறிப்பாகக் கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர் என்றால், ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

படி 5: சரியான பிறகு

அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இப்போது ஒரு இட்லியோ, இரண்டு பிஸ்கட்டும் பாலுமோ கொடுங்கள். குளுக்கோஸ் வேகமாக ஏறி வேகமாகத் தீர்ந்துவிடும். வண்டி ஓட்டுபவர் சுகர் சரியானதும் உடனே கிளம்பாமல் முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

மயங்கிவிட்டால்

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 'சுகர் பேஷன்ட், இன்சுலின் போடுபவர்' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சுகரை ஏற்றும் குளுகாகான் ஊசி வீட்டில் இருந்து, போடத் தெரிந்திருந்தால் அதைப் போடலாம். மாத்திரை அட்டையை ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல் என்று பக்கவாதம்போலத் தெரிந்தாலும், சுகர் பேஷன்ட் என்றால் அங்கே முதலில் பார்ப்பது சுகர் அளவைத்தான்.

பிற்சேர்க்கை: பிறகு கேட்கப்பட்டவை

*குளுக்கோஸ் இல்லாத இடத்தில் வோக்லிபோஸ் சாப்பிடுபவருக்கு வந்தால்?* தேன் ஒரு மேசைக்கரண்டி. அதில் பிரிந்த நிலையிலேயே குளுக்கோஸ் இருக்கிறது. ஆனால் பவுடர் அளவுக்கு வீரியம் இல்லை என்பதால் பவுடர் வாங்கி வர ஆளை அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

*கல்யாண வீட்டில் அடிக்கடி வருகிறதே?* 30/70 கலப்பு இன்சுலினை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து, பந்திக்காக ஒரு மணி நேரம் நின்றால் வராமல் என்ன செய்யும்? ஊசியைக் கையோடு கொண்டு போங்கள், அடுத்த பந்தி நமக்குத்தான் என்று உறுதியான பிறகு போடுங்கள்.

*இன்சுலின் அளவு மாறவே இல்லை, ஆனாலும் சுகர் திடீரென்று பலமாக இறங்கியது?* சிரிஞ்சைப் பாருங்கள். சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் குப்பிக்கு; ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் குப்பிக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. 10 போட்டதாக நினைப்போம், 25 போயிருக்கும்.

*கையில் சென்சார் ஒட்டியிருக்கிறது, குளுக்கோஸ் குடித்தும் ஏறவில்லை என்று காட்டுகிறது.* சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. ரத்தத்தில் ஏறியது அங்கே தெரியச் சில நிமிடங்கள் பின்தங்கும். அந்தத் திரையை நம்பி இன்னொரு பொட்டலம் கலக்காதீர்கள், 15 நிமிடம் கழித்து விரலைக் கழுவிவிட்டுக் குத்திப் பாருங்கள்.