பற்று நோட்டு காப்பாற்றிய வாடிக்கை

எங்கள் மளிகைக் கடையில் பதினாறு வருடமாகப் பற்று வைத்து வாங்கும் அக்கா ஒருவர். 3,840 ரூபாய் பாக்கி. இரண்டு மாதமாக ஆளையே காணோம். மொத்த வியாபாரி என்னை நெருக்கிய எரிச்சலில் வாட்ஸ்அப்பில் தட்டினேன்: "நாளைக்குள் பணம் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்."

அனுப்புமுன் தொகையைச் சரிபார்க்க நோட்டைப் புரட்டினேன். நல்லவேளை! பையனிடம் கொடுத்தனுப்பிய 500 ரூபாயை ஓரத்தில் பென்சிலால் குறித்ததோடு சரி, கழிக்கவே இல்லை. தப்பு என் பக்கம்.

அழித்துவிட்டு எழுதினேன்: "அக்கா, பையன் தந்த 500 கழித்து 3,340 நிற்கிறது. நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். மொத்தமாக முடியாவிட்டால் வாரம் 500 கொடுங்கள். எந்தக் கிழமை தோதுப்படும்?"

கிழமையைக் கேட்டதுதான் வேலை செய்தது. வெறுமனே "சீக்கிரம் கொடுங்கள்" என்றால் பதிலே வராது, பார்த்திருக்கிறேன்.

இரவே பதில்: "அவருக்கு ஆபரேஷன், தம்பி. முகம் காட்டக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை வருகிறேன்."

சனிக்கிழமை ஆயிரம் கொடுத்தார், மீதி ஐந்து வாரத்தில் தீர்ந்தது. அன்றைக்கே அரைக் கிலோ துவரம்பருப்பும் வாங்கினார், ரொக்கத்துக்கு.