தீயல் வீடியோவுக்கு ஆள் வராததும், வந்த ஆள் நிற்காததும்: தம்ப்நெயிலிலும் முதல் அரை நிமிடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாஞ்சில் நாட்டுச் சமையலில் படத்துக்குக் கொஞ்சமும் ஒத்துழைக்காத கறி, வறுத்த தேங்காயை அரைத்துப் புளி சேர்த்து வைக்கும் தீயல்தான். அவியலுக்கு நிறம் இருக்கிறது. மீன் குழம்பில் சிவப்பாக எண்ணெய் மிதக்கும். தீயலோ கருத்த பழுப்பு. அதைக் கருத்த மண்சட்டியோடு டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து எடுத்தால், போன் திரையில் ஒரு கரிய வட்டம்தான் தெரியும். அதனால் உள்ளித் தீயலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதற்குச் சரியாக வந்துவிட்டால் மற்ற கறிகளுக்குச் சிரமம் இருக்காது.

மண்சட்டி என்றால் பாரம்பரியம் என்று எல்லாரும் சட்டியோடு எடுக்கிறார்கள். வீடியோவுக்குள் சட்டி அழகுதான், தம்ப்நெயிலில் அது கறியை விழுங்கிவிடும். தீயலுக்கு வெள்ளைப் பின்புலம் வேண்டும், அது சோறுதான். வாழை இலையில் சோற்றைக் குவித்து, ஒரு பக்கமாக மட்டும் தீயலை ஊற்றுங்கள். பாதிச் சோறு வெள்ளையாகவே நிற்கட்டும். ஊற்றிய ஓரிரு நிமிடத்துக்குள் படம் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு குழம்பைச் சோறு இழுத்துக்கொள்ளும், மேலே மின்னிய எண்ணெய் மங்கி ஆடை படியும்.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வந்தால் போதும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அடுக்களை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. கறி கருப்பாகப் பெரும்பகுதியை நிறைத்தால் போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தீயல் சாம்பல் பூத்து, சோறு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் சோற்றைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுங்கள். எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றி, தீயலைச் சிவப்பாக்கிக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததுமே இது தீயல் இல்லை என்று தெரிந்துவிடும். நம்பி வந்த வெளியூர்க்காரர்களோ உள்ளே பழுப்பு நிறத்தைக் கண்டதும் போய்விடுவார்கள்.

எழுத்துதான் அடுத்த இடறல். ‘நாஞ்சில் நாட்டு பாரம்பரிய உள்ளித் தீயல் செய்முறை’ என்று படத்தில் எழுதுவதில் பயனில்லை, அதே வரி தலைப்பில் கீழேயே இருக்கிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சுழி நிறைந்தவை. மிகத் தடித்த எழுத்துருவில் போட்டு, சுற்றிலும் கனமாகக் கரை கட்டினால் ‘ண’, ‘ணை’ எல்லாம் சுழி அடைந்து கறுப்புக் கட்டியாகிவிடும். இரண்டு மூன்று சொல் போதும். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேர அளவு உட்காரும், பார்த்தவர்களுக்கு அடியில் சிவப்புக் கோடும் ஓடும். ஆகவே எழுத்தை மேலேயோ இடப்பக்கமோ வையுங்கள். 1280 x 720 பிக்சலில் கம்ப்யூட்டரில் பெரிதாக வைத்து வேலை செய்யும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும். முடித்ததும் போனில் பெருவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அங்கே வாசிக்க முடியாததை நீக்கிவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளிக் விழவில்லை என்றால், படத்தில் கேள்வி இல்லை என்று பொருள். தீயல் செய்கிறவருக்கு உள்ள ஒரே பயம் தேங்காய் வறுப்பதில்தான். முன்னதாக இறக்கினால் குழம்பு வெளுத்து, வறுத்த வாசனையே வராது. கொஞ்சம் தாண்டினால் கசந்துவிடும், புளியை ஊற்றியும் சரிசெய்ய முடியாது. அந்தப் பயத்தையே படமாக்கலாம். இடப்பக்கம் பொன்னிறத்தில் வறுத்த தேங்காய்த் துருவல், வலப்பக்கம் கருத்த பழுப்பு, மேலே ‘எப்போ இறக்கணும்?’ என்ற இரண்டே சொல். சோற்றில் ஊற்றிய படத்தையும் இதையும் தனித்தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் படங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதியில் ஒரே வீடியோவுக்கு மூன்று படம் வரை போட்டுப் பார்க்கலாம். அது ஜெயித்த படத்தைக் கிளிக்கை வைத்துத் தேர்வதில்லை, எந்தப் படத்தால் பார்க்கும் நேரம் கூடியது என்பதை வைத்துத் தேர்கிறது. வெறும் பகட்டுப் படம் அங்கே தோற்க இதுதான் காரணம்.

இனி வீடியோவின் தொடக்கம். குமரி மாவட்டச் சேனல்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு: திருவள்ளுவர் சிலை, தென்னந்தோப்பு, வயல் மேல் டிரோன், பிறகு சேனல் லோகோ, பிறகு ‘வணக்கம் மக்களே’, அதன்பின் தட்டுத் தட்டாகப் பொருட்கள். காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் வந்தவர் கேட்டது தேங்காயை எப்போது இறக்குவது என்று. அதற்கு ஒரு நிமிடம் காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. டிரோன் காட்சியை இலை போடும் இடத்தில், கடைசியில் வையுங்கள்.

முதல் 3 விநாடியில் சீனிச்சட்டியும் வறுபடும் தேங்காயும் மட்டும், மிக அருகில். குரல்: ‘இந்த நிறத்துல இறக்கினா தீயல் வெளுத்துப் போகும்.’ 8 விநாடி வரை கருத்த பழுப்பு: ‘இதுதான் பதம். இதைத் தாண்டினா கசக்கும்.’ 13 விநாடி வரை சோற்றின்மேல் ஊற்றுவது. பிறகு 25 விநாடிக்குள், தீயை எப்போது குறைப்பது, பதம் வந்ததும் ஏன் சட்டியிலேயே விடக் கூடாது என்பதை இந்த வீடியோவில் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சட்டியின் சூட்டிலேயே தேங்காய் இன்னும் கருகும், உடனே தட்டில் கொட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த இடம் வரை அவர்கள் நிற்பார்கள். நிறத்தை முன்பே காட்டிவிட்டால் போய்விடுவார்களோ என்று பயந்து ‘கடைசியில் சொல்கிறேன்’ என்று இழுப்பதுதான் ஆளை விரட்டும். சமைக்க வருகிறவருக்கு விடை மட்டும் போதாது, கைப்பக்குவமும் பார்க்க வேண்டும்.

யூடியூப் முகப்புப் பக்கத்தில் வீடியோ பல நேரம் சத்தமில்லாமல் தானாக ஓடத் தொடங்கிவிடும். அந்த முதல் இரண்டு வரியையும் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். நீங்கள் முகம் காட்டிப் பேசுவது அங்கே வெறும் வாயசைவுதான்.

வெளியிட்ட பிறகு இரண்டு எண்களைச் சேர்த்தே பாருங்கள்: தம்ப்நெயில் கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் கிளிக் செய்தார்கள், 30 விநாடியில் எத்தனை சதவீதம் நிற்கிறார்கள். பாதிச் சேனல்களுக்குக் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. முதல் நாள் சந்தாதாரர்களுக்கு அதிகம் போவதால் எண் ஏறி நிற்கும், புதியவர்களுக்குப் பரவும்போது இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு அவசரமாகப் படத்தை மாற்றுவதும் ஒரு தவறுதான். கிளிக் குறைவு, வந்தவர்கள் நிற்கிறார்கள் என்றால் படத்தை மட்டும் மாற்றுங்கள். கிளிக் நன்றாக இருந்து 30 விநாடிக்குள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் செங்குத்தாகச் சரிந்தால் படம் சொன்னது வீடியோவில் கிடைக்கவில்லை. பதிவேற்றிய வீடியோவின் முன்பகுதியை ஸ்டுடியோவிலேயே வெட்டிவிடலாம், புதிதாகக் காட்சி எதையும் அங்கே சேர்க்க முடியாது. அதனால் டிரோனும் லோகோவும் தனித்துண்டாக முன்னால் இருந்தால் அதை மட்டும் நறுக்கிப் பாருங்கள்.

வரைபடத்தின் நடுவில் ஒரு மேடு எழும்பியிருந்தால், அந்த இடத்தைப் பலர் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். தீயலில் அது பெரும்பாலும் தேங்காயைத் தட்டில் கொட்டும் நேரமாக இருக்கும். அந்தக் காட்சியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, ஓடாமல் கிடக்கும் பழைய தீயல் வீடியோவுக்குத் தம்ப்நெயிலாகப் போடலாம்.